அட்மிஷன் காட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர்: ஓ.எல்., ஏ.எல். எழுதப் போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் அனுப்பும் அட்மிஷன் காட்டில் பிள்ளையின் படம் இல்லை. பெயர், சுட்டெண், அடையாள அட்டை இலக்கம், பாடங்கள், மொழிமூலம், பரீட்சை நிலையம், இவ்வளவுதான் அதில் இருக்கும். முகம் இருப்பது தேசிய அடையாள அட்டையில். மண்டபத்தில் மேற்பார்வையாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான், இந்தச் சுட்டெண்ணுக்குரிய ஆள் இந்த மேசையில் இருப்பவர்தான் என்று தீர்மானிக்கிறார். இரண்டிலும் பெயர் வேறாக இருந்தால், அவரிடம் மிஞ்சுவது இலக்கம் மட்டுமே. இலக்கத்திலும் ஒரு எழுத்துப் பிசகியிருந்தால் அவர் பிள்ளையை எதை வைத்து ஏற்றுக்கொள்வது?

விடைத்தாளில் எழுதுவது சுட்டெண். அதனால் பெயர்ப் பிழையால் புள்ளி குறையாது. ஆனால் பெறுபேற்றுத் தாளும் சான்றிதழும் அட்மிஷன் காட்டில் உள்ள அதே தரவிலிருந்துதான் அச்சாகின்றன. இன்று விட்ட பிழை, ஏ.எல். விண்ணப்பத்தில், பல்கலைக்கழகப் பதிவில், பாஸ்போட்டில், வேலைக்கான நேர்முகத்தில் ஒவ்வொரு முறையும் எழும்பி நிற்கும். அதை அந்த நேரத்தில் திருத்துவதற்கு ஆகும் செலவும் அலைச்சலும், இப்போது திருத்துவதைவிடப் பல மடங்கு.

கீழே உள்ளது முக்கியமாகப் பாடசாலைப் பரீட்சார்த்திகளுக்கானது. தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு மாறும் இடங்களை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

1. மூன்று பேப்பரையும் ஒரே மேசையில் வைத்து வாசியுங்கள்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, அட்மிஷன் காட். மூன்றும் வேண்டும். அட்மிஷன் காட் இன்னும் வரவில்லை என்றால், பாடசாலை ஒன்லைனில் விண்ணப்பம் போட்டபோது எடுத்த அச்சுப்பிரதியை அதிபரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிழை திருத்த மிகச் சுலபமான நேரம் அதுதான்.

ஒருவர் வாசிக்க, மற்றவர் கையை வைத்துப் பார்க்க வேண்டும். பெயரைச் சொல்லாக வாசிக்கக் கூடாது. எழுத்து எழுத்தாக வாசியுங்கள். சொல்லாக வாசித்தால் கண் பழகிய பெயரைத்தான் பார்க்கும், தாளில் இருப்பதைப் பார்க்காது.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கொண்டு போவோம். மல்லாவியில் ஓ.எல். எழுதப் போகும் ஒரு பிள்ளை. 2009 ஆகஸ்ட் 14 இல் செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்தில் பிறந்தவர். அவருடைய மூன்று பேப்பரும் இப்படி இருக்கின்றன:

பிறப்புச் சான்றிதழில் பெயர்: தர்சிகா. தகப்பனின் பெயர் வேறு கூட்டில்: கந்தசாமி சிவக்குமார்.

அடையாள அட்டையில்: சிவக்குமார் தர்ஷிகா, SIVAKUMAR THARSHIKA.

அட்மிஷன் காட்டில்: K. S. DARSIKA.

பெயரோடு இலக்கத்தையும் பார்த்துவிடுங்கள். 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் 4 இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் பிள்ளையென்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். இந்த எண்ணிக்கையில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ணுவார்கள். ஆகஸ்ட் 14 என்பது அப்படி எண்ணினால் 227 ஆவது நாள். 500 கூட்டினால் 727. ஆக இந்தப் பிள்ளையின் இலக்கம் 2009727 என்று தொடங்க வேண்டும். வீட்டு நாட்காட்டியில் எண்ணினால் 226 வரும், பயப்பட வேண்டாம், அது பிழையல்ல. ஆனால் 2009227 என்று தொடங்கினால் ஆண் பிள்ளையின் இலக்கமாகிவிட்டது என்று பொருள். அட்மிஷன் காட்டில் இலக்கத்தைத் தட்டும்போது 7 ஐ 2 என்று தட்டிவிடுவது நடக்கிற காரியம்.

2. எது பிழை, எது பிழையே இல்லை

இங்கேதான் பலர் வீணாக அலைகிறார்கள். மூன்று தாளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவே முடியாது. நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கும், அடையாள அட்டையில் தகப்பனின் பெயர் முன்னால் சேரும், அட்மிஷன் காட்டில் அது முதலெழுத்தாகச் சுருங்கும். தர்சிகா, சிவக்குமார் தர்சிகா, எஸ். தர்சிகா, இந்த மூன்றும் ஒரே பெயர். இதற்காக யாரிடமும் போக வேண்டாம்.

பிழையென்று எடுக்க வேண்டியவை வேறு. மேலே உள்ள பிள்ளைக்கு அப்படி மூன்று இருக்கின்றன.

முதலாவது, K. என்ற முதலெழுத்து. அது பேரனாருடையது. பாடசாலை இடாப்பில் "க. சி. தர்சிகா" என்று யாரோ எழுதியிருக்க, அதைப் பார்த்து விண்ணப்பத்தில் தட்டியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் கந்தசாமி என்ற பெயரே இல்லை. ஆகவே K. க்கு ஆதாரம் கிடையாது. இது திருத்த வேண்டியது. தகப்பன் இல்லாத வீடுகளில் தாயின் பெயரையோ பேரனின் பெயரையோ முன்னால் போட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான். அந்த வீடுகளில் இதை ஓ.எல். விண்ணப்பம் போவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, DARSIKA, THARSHIKA. உச்சரிப்பு ஒன்றுதான் என்று விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் D யும் TH உம் வேறு பெயர். சான்றிதழ் ஆங்கிலத்தில் எடுக்கும் நாளில் அது வெளிநாட்டில் ஒருவருக்கு வேறு ஆளாகத் தெரியும். இதுவும் திருத்த வேண்டியது.

மூன்றாவது, பிறப்புச் சான்றிதழில் "சி", அடையாள அட்டையில் "ஷி". இதுவும் பிழைதான், ஆனால் இது அட்மிஷன் காட்டின் பிழையில்லை. இதை எப்போது தொடுவது என்பதை அடுத்து பார்ப்போம்.

3. எந்தப் பேப்பரைத் திருத்துவது என்று முதலில் முடிவெடுங்கள்

வேர் பிறப்புப் பதிவு. அதிலிருந்து அடையாள அட்டை, அதிலிருந்து அட்மிஷன் காட். வேரோடு ஒத்துப்போகாத தாள் எதுவோ அதைத் திருத்த வேண்டும். அட்மிஷன் காட் சரியாக இருக்க, அடையாள அட்டை பிழையாக இருந்தால், பிழையான அட்டைக்கு ஏற்ப அட்மிஷன் காட்டை மாற்றி எழுதிக்கொண்டு வராதீர்கள். அப்படிச் செய்தால் பிழை சான்றிதழுக்கும் போய்விடும், பிறகு இரண்டையும் திருத்த வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. தமிழில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலப் பெயர் இருக்காது. அதனால் ஆங்கிலத்துக்கு அடையாள அட்டையில் அச்சான எழுத்தையே மூலமாக வையுங்கள். இனி எடுக்கும் எல்லாத் தாளிலும் அதே எழுத்து. பாஸ்போட் முதலில் எடுத்த பிள்ளையென்றால், அடையாள அட்டைக்குக் கொடுக்கும்போதே பாஸ்போட்டில் உள்ள எழுத்தைக் கொடுங்கள்.

அடுத்தது காலம். பரீட்சைக்கு ஒரு மாதத்துக்குள் இருந்தால் அடையாள அட்டையில் கை வைக்காதீர்கள். திருத்தத்துக்குப் பழைய அட்டையை ஒப்படைத்துவிட்டு, புதியது வராமல், பரீட்சை நாளில் கையில் எதுவும் இல்லாமல் நிற்கும் நிலை வரலாம். ஒரு எழுத்துப் பிசகிய அட்டை, அட்டையே இல்லாததைவிட எவ்வளவோ மேல். நமது உதாரணப் பிள்ளைக்கு முடிவு இதுதான்: இப்போது அட்மிஷன் காட்டை S. THARSHIKA என்று திருத்துவது, பரீட்சை முடிந்த கிழமையில் அடையாள அட்டையின் "ஷி" யைத் திருத்தக் கொடுப்பது, ஆங்கில எழுத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருப்பது.

4. அட்மிஷன் காட்டைத் திருத்துதல்

பாடசாலைப் பிள்ளைகளின் அட்மிஷன் காட் அதிபருக்குத்தான் வரும். வந்த அன்றைக்கே வாங்கிப் பாருங்கள். "பரீட்சைக்கு முதல்நாள் வந்து எடுத்துக்கொள்ளுங்கோ" என்று யாரும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். திருத்தத்துக்கு ஒரு கடைசித் திகதி உண்டு. அதைத் திணைக்களம் ஒவ்வொரு பரீட்சைக்கும் தனியாக அறிவிக்கும், பெரும்பாலும் சில நாட்கள்தான் தருவார்கள்.

திருத்தம் ஒன்லைனில் நடக்கும். திணைக்களத்தின் தளம் www.doenets.lk, பரீட்சைப் பகுதி www.onlineexams.gov.lk/eic. பாடசாலைக்கென்று உள்ள பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதிபரிடம் இருக்கும், அதனால் பாடசாலைப் பிள்ளையின் திருத்தத்தைப் பாடசாலைதான் போட வேண்டும். தனிப்பட்ட பரீட்சார்த்தி தன் விபரத்தைக் கொடுத்துத் தானே உள்ளே போகலாம். நகரத்துக் கடைகளில் காசு கொடுத்துச் செய்வித்தாலும், திரையில் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் நீங்கள் பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாக வாசியுங்கள்.

அதிபரிடம் போகும்போது வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: சுட்டெண், அட்மிஷன் காட்டில் உள்ள பெயர், இருக்க வேண்டிய பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம். பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக இடைவெளி விட்டு எழுதுங்கள். கூடவே அடையாள அட்டையின் இரண்டு பக்கப் போட்டோக்கொப்பியும் பிறப்புச் சான்றிதழ்க் கொப்பியும். இதே தாளில் ஒரு கொப்பி உங்களிடம் இருக்கட்டும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் திருத்தம் தட்டும் ஆசிரியருக்கு இந்த ஒரு தாள்தான் காப்பு.

திருத்தம் போட்டதும் திரையில் வரும் புதிய விபரத்தை அச்சிட்டு வாங்குங்கள். அட்மிஷன் காட்டோடு அதையும் பின்பண்ணி வைத்து, பரீட்சை மண்டபத்துக்குக் கொண்டு போங்கள். அட்மிஷன் காட்டின் மேல் பேனையால் வெட்டித் திருத்தவே கூடாது. வெட்டிய எழுத்து திருத்தமாகக் கணக்கில் வராது, காட்டை மாற்றி எழுதியதாகத்தான் தெரியும்.

கடைசித் திகதி போய்விட்டது என்றால் 1911 க்கு அழையுங்கள், பரீட்சைத் திணைக்களத்தின் துரித இலக்கம் அது. அழைக்கும்போது சுட்டெண் கையில் இருக்க வேண்டும். அவர்கள் சொல்லும் வழியில் அதிபரின் கடிதத்தோடு எழுத்தில் அறிவியுங்கள்.

காட்டில் பிள்ளையின் கையொப்பத்தை உறுதிப்படுத்தும் இடம் உண்டு. பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் அதைச் செய்வார். தனிப்பட்ட பரீட்சார்த்திகள் காட்டில் குறித்திருக்கும் அலுவலர்களில் ஒருவரிடம், சமாதான நீதவான் போன்றவரிடம் போக வேண்டும். திருத்தம் முடிந்த பிறகே கையொப்பம் வாங்குங்கள். அடையாள அட்டையில் போட்ட கையொப்பத்தையே இங்கும் போட வேண்டும். பதினைந்து வயதில் ஒரு மாதிரி, இப்போது இன்னொரு மாதிரி என்று புதுக் கையொப்பம் பழகுவதற்கு இது இடமில்லை.

5. அடையாள அட்டையைத் திருத்துதல்

முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். விதானையாரிடம் விண்ணப்பப் படிவம் இருக்கும், அவர் உறுதிப்படுத்திய பின் அது பிரதேச செயலகத்தின் அடையாள அட்டைப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து ஆட்களைப் பதிவு செய்யும் திணைக்களத்துக்குப் போகும். தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில். வட மாகாண அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. அதனால் துணுக்காய், மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்த எடுப்பில் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. அவசரமென்றால் ஒருநாள் சேவை எந்த அலுவலகத்தில், என்ன நிபந்தனையில் என்று அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 க்கு அழைத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி, இப்போதுள்ள அட்டை, படத்துக்கான ஸ்ரூடியோ பற்றுச்சீட்டு. படம் எங்கேயும் எடுக்க முடியாது. திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும், படத்தை அவர்களே ஒன்லைனில் அனுப்பிவிட்டு உங்களுக்குப் பற்றுச்சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டைத் தொலைத்தால் மறுபடியும் காசு.

செலவில் அரசாங்கக் கட்டணம் சிறிய பங்குதான். படம், சான்றிதழ்ப் பிரதி, போட்டோக்கொப்பி, ஒரு ஆளின் நாட்கூலி இழப்பு, மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 இல் வவுனியாவுக்குப் போய்வரும் பஸ் காசு, இவைதான் கூடுதல். அதனால் ஒரே பயணத்தில் முடிப்பதற்கு, எல்லாத் தாளுக்கும் இரண்டு கொப்பி எடுத்துக்கொண்டு போங்கள். கட்டணத்தைப் படிவம் வாங்கும் நாளிலேயே விதானையாரிடம் கேளுங்கள்.

படிவத்தில் பெயரை எழுதும் இடத்தில் கவனம். தமிழில் எழுதுவதோடு நிற்காமல் ஆங்கிலத்தையும் நீங்களே எழுதுங்கள். வெறுமையாக விட்டால் வேறொருவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். தர்ஷிகா, தர்சிகா குழப்பங்கள் பெரும்பாலும் பிறப்பது இங்கேதான்.

அட்டையே இன்னும் வராத பிள்ளைக்கு: விண்ணப்பித்தவரின் விபரத்தை உறுதிப்படுத்தி ஆட்களைப் பதிவு செய்யும் திணைக்களம் படத்தோடு தரும் கடிதம் பரீட்சைக்கு ஏற்றுக்கொள்ளப்படும். அந்தக் கடிதத்தில் உள்ள பெயரையும் இதே மாதிரி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பின்னர் வரும் அட்டையிலும் அதே பெயர்தான் வரப் போகிறது.

6. வேரே பிழையென்றால்

பிறப்புப் பதிவிலேயே எழுத்துப் பிழை இருந்தால் மற்ற இரண்டையும் தொடுவதில் பயனில்லை. முகாமிலிருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளின் பதிவு பெரும்பாலும் இப்போது வசிக்கும் பிரதேசத்தில் இருக்காது. நமது பிள்ளையின் பதிவு வெங்கலச்செட்டிகுளம் பிரதேச செயலகத்துக்குரியது, துணுக்காயில் இல்லை. சான்றிதழின் மேலே உள்ள மாவட்டம், பிரிவு, பதிவு இலக்கம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் காட்டி எங்கே போக வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் இரண்டு வழி உண்டு. பெயரையே மாற்றுவது அல்லது சேர்ப்பது 27 ஆம் பிரிவு. பதிந்தவரின் எழுத்துப் பிழை போன்றவற்றைத் திருத்துவது 52 ஆம் பிரிவு. கவுண்டரில் "பெயர் மாத்த வேணும்" என்று சொன்னால் முதல் வழிப் படிவத்தைத்தான் தருவார்கள். உங்களுடையது எழுத்துப் பிழையென்றால் அதைச் சொல்லி, பிழையான எழுத்தைக் காட்டுங்கள். பிள்ளை வயது வராதவரென்றால் பெற்றோர் வர வேண்டும். ஆதாரமாக அந்தக் காலத்துத் தாள்கள்தான் பெறுமதி: ஆஸ்பத்திரி அட்டை, தடுப்பூசிக் காட், முதலாம் வகுப்புச் சேர்வு இடாப்பின் பிரதி. போன மாதம் எடுத்த கடிதம் இதற்கு உதவாது.

இந்த வேலை பரீட்சைக்குள் முடியுமென்று நம்பியிருக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால்தான் ஓ.எல். விண்ணப்பத்துக்கு முன் கைக்கு வரும்.

7. சத்தியக்கடதாசியை எங்கே பாவிப்பது

சமாதான நீதவானிடமோ சத்தியப்பிரமாண ஆணையாளரிடமோ "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை" என்று சத்தியக்கடதாசி முடிக்கலாம். பலர் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது எந்தப் பதிவையும் திருத்தாது. திருத்தம் கைக்கு வரும்வரை இடையில் விளக்கம் சொல்லும் தாள் மட்டுமே. திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டு அரசாங்க வேலைப் பரீட்சை எழுதும் பெண்களுக்கு இது பயன்படும், திருமணச் சான்றிதழோடு சேர்த்து. பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது இதை ஒரு கொப்பியாகக் கையில் வைத்திருக்கலாம், அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

கடதாசியில் இரண்டு பெயரையும் தாளில் உள்ளபடியே, முதலெழுத்து, புள்ளி உட்பட எழுதச் சொல்லுங்கள். அடையாள அட்டை இலக்கம், அட்மிஷன் காட் சுட்டெண் இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

8. பரீட்சை நாள்

அடையாள அட்டை, செல்லுபடியாகும் பாஸ்போட், சாரதி அனுமதிப்பத்திரம், இவற்றில் ஒன்று ஒவ்வொரு வினாத்தாளுக்கும் வேண்டும். முதல்நாள் காட்டியாயிற்று என்று மறுநாள் வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது. பெயர் எதில் அட்மிஷன் காட்டோடு ஒத்துப்போகிறதோ அதையே எல்லா நாளும் கொண்டு போங்கள்.

பெயரில் வித்தியாசம் மிஞ்சியிருந்தால், மணி அடிப்பதற்கு முன் மேற்பார்வையாளரிடம் நீங்களாகவே போய்க் காட்டுங்கள். திருத்த அச்சுப்பிரதி, அதிபரின் கடிதம், பிறப்புச் சான்றிதழ்க் கொப்பி மூன்றையும் ஒரு உறையில் வைத்துக் கொடுங்கள். வினாத்தாள் கொடுத்த பிறகு, இருக்கைக்கு வந்து பார்க்கும்போது பிழை பிடிபட்டால் பிள்ளை பதறி, முதல் அரைமணி நேரம் வீணாகும்.

அட்டையையே மறந்துவிட்டால் திரும்பி வீட்டுக்கு ஓடாதீர்கள். மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லிவிட்டு, பரீட்சை முடிவதற்கு முன் அட்டையைக் கொண்டுவந்து காட்டும் நடைமுறை பரீட்சை விதிகளில் உண்டு. காட்டாமல் விட்டால்தான் பரீட்சார்த்தித் தகுதி இரத்தாகும் ஆபத்து.

9. பெறுபேறு வந்ததும்

ஒன்லைனில் பெறுபேறு பார்க்கும் அன்று எல்லோரும் A, B, C ஐத்தான் பார்ப்பார்கள். பெயரையும் பாருங்கள். திருத்தம் போட்டதற்குப் பிறகும் பழைய பெயரே வந்திருந்தால், அட்மிஷன் காட்டும் திருத்த அச்சுப்பிரதியும்தான் நீங்கள் காலத்தோடு கேட்டீர்கள் என்பதற்கு ஆதாரம். அதனால் அவற்றைப் பரீட்சை முடிந்ததும் எறிந்துவிடாமல், பிறப்புச் சான்றிதழோடு ஒரே கோப்பில் வையுங்கள். அதிபர் மூலம் எழுத்தில் பரீட்சைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும்போது இவற்றின் கொப்பியை இணையுங்கள், மூலப் பிரதியைக் கையை விட்டு விடாதீர்கள்.

நமது பிள்ளை பரீட்சை முடிந்த கிழமையிலேயே அடையாள அட்டையின் "ஷி" யைத் திருத்த விதானையாரிடம் போயிருக்க வேண்டும். ஏ.எல். விண்ணப்பம் வருவதற்கு முன் புதிய அட்டை கைக்கு வந்துவிட்டால், அந்த விண்ணப்பத்தில் பழைய இலக்கத்தையே எழுதலாம். எழுத்துத் திருத்தத்தால் இலக்கம் மாறாது. பிறந்த திகதியையோ பாலையோ திருத்தினால்தான் இலக்கமும் மாறும், அப்போது மட்டும் பாடசாலைக்கும் வங்கிக்கும் புதிய இலக்கத்தைக் கொடுங்கள்.